ஒரே மூச்சில் ஒரு வாழ்க்கை

வாழ்க்கைக் குறிப்பு என்று சொல்லிப் போனுக்கு அனுப்புகிறார்கள். திறந்து பார்த்தால் மேலிருந்து கீழ் வரை எழுத்து, எழுத்து, எழுத்து. நடுவில் ஓர் இடைவெளி கிடையாது. முற்றுப்புள்ளியைத் தேடிக் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறது. புள்ளி வரும்போது, முதல் வரியில் என்ன இருந்தது என்பது மறந்துவிடுகிறது. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று எங்கள் பக்கத்தில் நடக்கும் பள்ளி ஆண்டு விழா, நூல் வெளியீடு, பணி நிறைவுப் பாராட்டு என எதுவாக இருந்தாலும் இதே கதைதான். நல்ல மனிதர்களின் வாழ்க்கையை யாரும் படிக்காமல் தள்ளிவிட்டுப் போகிறபடி எழுதி வைக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

நாமக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். அழைப்பிதழ், விழா மலர், ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் வாழ்க்கைக் குறிப்பு என் மேசைக்கு வந்துதான் போகும். முன்பெல்லாம் தாளில் அச்சாகிப் போனது. இப்போது அச்சுக்கு முன்பே, சில சமயம் அச்சே இல்லாமல், வாட்ஸ்அப் குழுவில் போய்விடுகிறது. எழுதுகிற விதம் மட்டும் மாறவே இல்லை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் புரியாது. எங்கள் ஊர்க் கவிஞரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல் கவிஞரைப் பற்றி இந்தப் பக்கத்தில் சுற்றிவரும் குறிப்புகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்:

"நாமக்கல் மாவட்டம் மோகனூரில் வெங்கடராம பிள்ளை, அம்மணி அம்மாள் தம்பதியருக்கு 1888-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி பிறந்து, நாமக்கல்லிலும் கோவையிலும் பள்ளிப் படிப்பை முடித்து, திருச்சியில் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்து, நாமக்கல் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகவும் பின்னர் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்து, ஓவியக் கலையில் சிறந்து விளங்கி, காந்தியடிகளின் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டு விடுதலைப் போராட்டத்தில் குதித்து, 1930-ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் சென்ற உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்களுக்கு வழிநடைப் பாடல் எழுதித் தந்து, 1932-ஆம் ஆண்டு ஓராண்டு சிறைவாசம் அனுபவித்து, மலைக்கள்ளன், என் கதை உள்ளிட்ட பல நூல்களை இயற்றி, 1949-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டு, 1971-ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்று, 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி மறைந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஆவார்."

தொண்ணூறு சொற்களைத் தாண்டிய ஒரே வாக்கியம் இது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஏ4 தாளில் அச்சடித்தால் பத்து வரிக்குள் முடிந்துவிடும். கண் ஒரு பார்வையில் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துவிடும். ஆனால் சாதாரண எழுத்து அளவில், நிமிர்த்திப் பிடித்த போனில், ஒரு வரிக்கு மூன்று அல்லது நான்கு தமிழ்ச் சொற்கள்தான் நிற்கும். 'திருச்சியிலிருந்து', 'சத்தியாகிரகத்', 'தொண்டர்களுக்கு' மாதிரி நீளச் சொல் அடுத்தடுத்து வந்தால் இரண்டோடு வரி முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஒரே வாக்கியம் இருபத்தைந்து வரிக்கு மேல் இறங்கும். பல போன்களில் ஒரு திரை கொள்ளாது.

யாரைப் பற்றியது என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது. அந்த வரி வரும்போது முதல் வரி திரைக்கு மேலே போய் மறைந்திருக்கும். வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் மேலே எட்டிப் பார்க்கிற அறிவிப்பில் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதில் ஊர் இருக்கிறது, தகப்பனார் பெயர் இருக்கிறது, கவிஞர் பெயர் இல்லை. இதோடு இன்னும் இரண்டு பத்தி சேர்த்து அனுப்பினால், நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியிலேயே மடக்கி, தொட்டால்தான் மீதியைக் காட்டும். பெயரைக் கடைசியில் வைத்தவருக்கு அது தெரிவதில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் உட்கார்ந்திருக்கும். அது வருகிற வரைக்கும் படிப்பவர் எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டே வர வேண்டும். அதோடு, 'பிறந்து, முடித்து, தொடர்ந்து, பணிபுரிந்து' என்று வினையெச்சத்தை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போக மொழி இடம் தருகிறது. எழுதுகிறவருக்கு அது சுகம். எங்கேயும் நிற்க வேண்டாம், அடுத்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம். அந்தச் சுகத்தின் பாரம் முழுவதும் படிப்பவர் தலையில் இறங்குகிறது.

படிப்பவர் தலையில் மட்டுமா? மேடையில் வாசிக்கிறவர் தலையிலும்தான். ராசிபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பார்த்தேன். சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்த ஒரு மாணவி வந்தாள். கையில் தாள் இல்லை, ஆசிரியரின் போன்தான். குறிப்பு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே பத்தி. மேடை விளக்கு திரையில் பட்டுக் கூசுகிறது. நன்றாகவே வாசித்துக்கொண்டு வந்தவள், 'பணியாற்றி, பொறுப்பேற்று, விருது பெற்று' என்று வந்த இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். விரல் லேசாகத் திரையில் பட்டுவிட்டது. எழுத்து நகர்ந்துவிட்டது. எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கிற பத்தியில் விட்ட இடத்தை எங்கே தேடுவது? ஏற்கெனவே வாசித்த விருதையே மறுபடி வாசித்தாள். கூட்டத்தில் சிரிப்பு. இறங்கி வந்ததும், "எங்க நிறுத்தறதுன்னே தெரியலைங்க சார்" என்றாள், கண் கலங்க. அந்தப் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதி அனுப்பியவர் நிறுத்த ஓர் இடம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தாளில் இடம் என்றால் காசு. விழா மலரில் ஆளுக்குக் கால் பக்கம், அரைப் பக்கம் என்று ஒதுக்குவார்கள். புகைப்படம் போக மிச்ச இடத்தில் குறிப்பு அடங்க வேண்டும். நாங்களே பத்தி இடைவெளியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒட்டி, எழுத்து அளவைக் குறைத்து உள்ளே தள்ளுவோம். செய்தித்தாள் வரி விளம்பரத்தில் ஒரு வரி கூடினால் கட்டணம் கூடும். அங்கே ஒட்டி எழுதியதற்கு நியாயம் இருந்தது. போன் திரையில் இடத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை. பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு வெற்று வரி விட்டால் ஒரு பைசா செலவில்லை. காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லையே!

இன்னொரு தடை இதைவிடப் பெரியது. விழாக் குழுப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த குறிப்பை, போனில் படிக்க வசதியாகப் பிரித்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னங்க தம்பி, துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்கீங்க? பெரிய மனுஷரைப் பத்தி எழுதறது இப்படியா? மரியாதையா இல்லீங்களே."

"ஐயா, மரியாதை 'பிறந்தார், எழுதினார், பெற்றார்'ங்கிறதுல இருக்குதுங்க. ஒரு வார்த்தையும் நான் எடுக்கலை. நீங்களே உங்க போன்ல ரெண்டையும் படிச்சுப் பாருங்க."

இரண்டையும் அவர் போனுக்கே அனுப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதலாவதில் பாதியில் கண்ணை எடுத்துவிட்டார். இரண்டாவதைக் கடைசி வரை படித்தார். ஆனாலும், "எதுக்கும் பழையபடியே போட்டுடுங்க. நாலு பேர் பார்க்கறது" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேர் பார்ப்பார்கள், சரி. படிப்பார்களா என்ற கேள்வி அவர் மனத்தில் வரவே இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நீளமான வாக்கியம் கம்பீரம் என்ற எண்ணம் நம் ஊரில் அத்தனை ஆழமாகப் பதிந்திருக்கிறது.

மேலே சொன்ன கவிஞர் குறிப்பைப் பிரிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். முதலில் கடைசியில் கிடக்கிற பெயரைத் தூக்கி முதல் வாக்கியத்தில் வைக்க வேண்டும். பெயரோடு, அவர் யார் என்பதையும் சேர்க்க வேண்டும். அடுத்து, வினையெச்சங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, செயல் முடிகிற இடத்தில் முற்றாக்க வேண்டும்: 'பிறந்து' என்பதைப் 'பிறந்தார்' என்று முடித்துப் புள்ளி வைத்துவிட வேண்டும். பிறகு, எந்தெந்த வாக்கியங்கள் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன என்று பார்த்துப் பத்தியாகச் சேர்க்க வேண்டும். பிறப்பும் படிப்பும் ஒன்று, போராட்டம் ஒன்று, எழுத்து ஒன்று, பெருமையும் மறைவும் ஒன்று. அப்படிச் செய்தால் இப்படி வரும்:

"நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர். ஓவியர், விடுதலைப் போராட்ட வீரர், நாவலாசிரியர்.

1888 அக்டோபர் 19 அன்று மோகனூரில் பிறந்தார். பெற்றோர் வெங்கடராம பிள்ளை, அம்மணி அம்மாள். நாமக்கல்லிலும் கோவையிலும் பள்ளியில் படித்தார். கல்லூரிப் படிப்பு திருச்சியில். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகவும், பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தார்.

காந்தியடிகளின் வழியில் விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். 1930-இல் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்கள் பாடிச் சென்ற பாடலை எழுதியவர் இவர். 1932-இல் ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

'மலைக்கள்ளன்' இவர் எழுதிய நாவல். 1954-இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் படமாக வந்தது. தன் வாழ்க்கையை 'என் கதை' என்ற நூலாக எழுதினார்.

1949-இல் அரசவைக் கவிஞர் ஆனார். 1971-இல் பத்மபூஷண் பெற்றார். 1972 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார்."

மொத்த நீளம் ஏறக்குறைய அதேதான். முக்கியமான விஷயம் எதுவும் குறையவில்லை. எம்.ஜி.ஆர். படம் ஒன்று கூடவே சேர்ந்திருக்கிறது. ஒரு வாக்கியம்கூடப் பத்துச் சொல்லைத் தாண்டவில்லை. எல்லா வாக்கியத்தையும் பத்துக்குள் அடக்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு, பதினைந்து வரை போகலாம். போனில் அது நாலைந்து வரி. அதற்கு மேல் போனால் வினைமுற்று வருவதற்குள் கண் களைத்துவிடும். பத்தியும் அப்படித்தான். திரையில் எட்டொன்பது வரிக்குள் நின்றால், பத்தி முழுவதும் ஒரே பார்வைக்குள் இருக்கும். மேடையில் விரல் பட்டு எழுத்து நகர்ந்தாலும், 'ஆ, வேதாரண்யம் பத்தியில் இருந்தோம்' என்று சட்டென்று பிடித்துக்கொள்ளலாம்.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முற்றுப்புள்ளி வைத்ததும் அடுத்த வாக்கியத்தை 'இவர்' என்று தொடங்கக் கை பரபரக்கும். இவர் பிறந்தார், இவர் படித்தார், இவர் எழுதினார் என்று வரிசையாக இவர், இவர், இவர். தமிழுக்கு அது தேவையே இல்லை. 'பிறந்தார்' என்ற ஒரே சொல்லில் ஆளும் மரியாதையும் சேர்ந்தே இருக்கின்றன. மேலே உள்ள வடிவத்தில் 'இவர்' இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று, தொண்டர்களைப் பற்றிய பேச்சு நடுவில் வந்ததால் கவிஞரிடம் திரும்ப வேண்டிய இடம். இன்னொன்று, நாவலின் பெயரில் தொடங்கிய வாக்கியம். பேச்சு வேறு ஆளிடமோ பொருளிடமோ போய்த் திரும்பும்போது மட்டும் போட்டால் போதும்.

பிரித்தால் வேறொன்றும் வெளியே வரும். 'ஓவியக் கலையில் சிறந்து விளங்கி' என்று சங்கிலியில் கோத்திருந்தபோது அது நன்றாகத்தான் தெரிந்தது. அதைத் தனியாக எடுத்து, 'ஓவியக் கலையில் சிறந்து விளங்கினார்' என்று புள்ளி வைத்துப் பாருங்கள். என்ன வரைந்தார், யார் பாராட்டினார் என்று உடனே கேள்வி எழும். அந்த வாக்கியத்துக்குள் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். ஒன்று, அவர் ஓவியர் என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட வேண்டும். இல்லையென்றால், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வைத்து வரைந்த ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர் என்று செய்தியாகவே சொல்ல வேண்டும். விழாக் குறிப்புகளில் வரும் 'அரும்பணியாற்றி', 'முத்திரை பதித்து', 'தனி இடம் பிடித்து' எல்லாமே இந்த ரகம்தான். நீள வாக்கியத்துக்குள் ஒளிந்து வாழ்கின்றன. தனியே நிறுத்தினால் நிற்காது. நீளமாக எழுதப் பலர் ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தப் பக்கம் வெட்டச் சொன்னால் அந்தப் பக்கம் வெட்டித் தீர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு வெற்று வரி, நடுநடுவே பூப்படம், கைகூப்பும் படம். மோகனூர் ஒரு துண்டு, பெற்றோர் ஒரு துண்டு, பள்ளி ஒரு துண்டு. எல்லா வாக்கியத்துக்கும் ஒரே இடைவெளி விட்டால், எது எதோடு சேர்ந்தது என்பது தெரியாது. இடைவெளி என்பது 'இந்தப் பேச்சு முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது' என்ற அறிவிப்பு. அதை எல்லா இடத்திலும் போட்டால் எங்கேயும் போடாததற்குச் சமம். சரியாகப் பிரித்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பத்திக்கும் ஒரே சொல்லில் தலைப்பு வைத்துப் பாருங்கள். ஒரு பத்திக்கு இரண்டு தலைப்பு தேவைப்பட்டால் அதை வெட்ட வேண்டும். இரண்டு பத்திக்கு ஒரே தலைப்பு வந்தால், நீளம் இடம் கொடுத்தால் சேர்க்கலாம்.

எங்கள் தொழிலிலிருந்தே கிளம்பும் கோளாறும் ஒன்று இருக்கிறது. பழைய மலரின் பிடிஎஃப்பிலிருந்து குறிப்பை நகல் எடுத்து அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டுவார்கள். தாளில் வரி எங்கே முடிந்ததோ, அங்கெல்லாம் எண்டர் தட்டியது மாதிரி வெட்டும் சேர்ந்தே வரும். தாள் வரி போன் வரியைவிட நீளம். அதனால் இரண்டு வரி நிறைந்து ஓடும், மூன்றாவது வரியில் ஒரே சொல் தனியாகத் தொங்கும். மறுபடி இரண்டு வரி நிறைய, மறுபடி ஒற்றைச் சொல். வலது ஓரம் இப்படிக் கடித்துக் குதறியது மாதிரி இருந்தால், காரணம் இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். முதலில் அந்த வெட்டுகளை எல்லாம் அழித்து, எழுத்தை ஒரே ஓட்டமாகச் சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் பத்தி பிரிக்க வேண்டும். சேர்க்காமல் அங்கங்கே வெற்று வரி மட்டும் விட்டால், குழப்பம் கூடும்.

முதலெழுத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'வெ.' என்று போட்டு இடம் விட்டு 'இராமலிங்கம்' என்று அடித்தால், குறுகிய திரையில் 'வெ.' ஒரு வரிக் கடைசியிலும் பெயர் அடுத்த வரியிலும் போய் நிற்கும். இடம் விடாமல் சேர்த்து அடித்தால் பெரும்பாலும் பெயர் பிரியாது. '1949-ஆம் ஆண்டு' என்பதற்குப் பதில் '1949-இல்' என்று எழுதினால் ஒரு சொல் மிச்சம்.

இதற்கெல்லாம் கால் மணி நேரம்கூட ஆகாது. எழுதியதை முதலில் குழுவுக்கு அனுப்பாதீர்கள், உங்கள் எண்ணுக்கே அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்படாமல், போனைக் கையில் நிமிர்த்திப் பிடித்து வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறதோ, அங்கே ஒரு முற்றுப்புள்ளி வேண்டும். விஷயம் எங்கே மாறுகிறதோ, அங்கே ஒரு வெற்று வரி வேண்டும். முதல் வரியில் பெயர் இல்லையென்றால், இருக்கிற இடத்திலிருந்து தூக்கி மேலே வையுங்கள்.

வேதாரண்யம் போனவர்களுக்குப் பாட்டுக் கொடுத்த மனிதரின் பெயரை, அவர் பிறந்த மண்ணிலேயே பிள்ளைகள் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். படிக்கிற பழக்கம் செத்துவிட்டது என்று அவர்கள் மேல் பழி போடுகிறோம். படிக்கிறபடி எழுதிக் கொடுத்துவிட்டு அதைச் சொன்னால் நியாயம். தொண்ணூறு சொல்லை ஒரே மூச்சில் கொட்டிவிட்டுச் சொல்லக் கூடாது.